ஆண்டறிக்கை 2024–25: செயலாளரின் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திர தின விழா, குடியரசு தின விழா, பொங்கல் கோலப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஸ்டில்ட் தளத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் மாற்றப்பட்டன. கொசு மருந்து அடிக்கப்பட்டது.

இந்த ஆண்டின் பெரும்பணி தண்ணீர்க் குழாய் அமைப்பை இரண்டு அழுத்த மண்டலங்களாகப் பிரித்ததுதான். அது ஏன், எப்படிச் செய்யப்பட்டது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறப்புப் பொதுக்குழுவுக்கு இருமுறை அழைப்பு விடுத்தும், ஐம்பத்தாறு வீடுகளில் பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களில் சிலர், வேலை முடிந்த பிறகு, "யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கான விடையும் இந்த அறிக்கையில் இருக்கிறது.

நமது கட்டடத்துக்குப் பதினான்கு தளங்கள். மொட்டைமாடியில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களே எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் கொடுத்துவந்தன. இந்த முறையில் ஒரு வீட்டின் குழாயில் கிடைக்கும் அழுத்தம், தொட்டி அந்தக் குழாய்க்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். நம் தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 47.5 மீட்டரில் இருக்கிறது. பதினான்காம் தளத்துக் குளியலறை ஷவர் 44 மீட்டரில் இருப்பதால் அங்கே கிடைப்பது மூன்றரை மீட்டர் அழுத்தம் மட்டுமே. முதல் தளத்துக் குழாய் 4 மீட்டரில் இருப்பதால் அங்கே 43.5 மீட்டர், அதாவது நாலேகால் பாருக்கும் மேல்.

மேலே ஷவரில் நூல் நூலாக ஒழுகியதற்கும், கீழே ஹெல்த் பாசெட் குழாய் வெடித்துக் குளியலறை நனைந்ததற்கும் காரணம் ஒன்றே. ஆனால் மேல்தளத்தார் தொட்டியை உயர்த்தச் சொன்னார்கள், கீழ்த்தளத்தார் வால்வை மூடச் சொன்னார்கள். ஸ்டில்ட் தளத்துக்கு வந்து பிளம்பரிடம் வால்வைத் திருகச் சொன்ன அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதி மூடிய வால்வு, தண்ணீர் ஓடும்போது மட்டுமே அழுத்தத்தைக் குறைக்கும். நள்ளிரவில் எல்லோரும் குழாயை மூடிவிட்டால் முழு அழுத்தமும் திரும்ப வந்துவிடும். குழாய்கள் வெடித்ததெல்லாம் பெரும்பாலும் பின்னிரவில்தான் என்பதைக் காவலரின் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

மேல்நிலைத் தொட்டியையே விட்டுவிட்டு, கீழ்நிலைத் தொட்டியிலிருந்து பிரஷர் பம்ப் வைத்து நேரே மேலே ஏற்றிவிடலாம் என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். நான்கைந்து தளக் கட்டடத்துக்கு அது நல்ல முறை. ஆனால் நமக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். பதினான்காம் தளத்து ஷவரில் இரண்டு பார் வேண்டுமென்றால், அந்த 44 மீட்டர் உயரத்துக்கு மேல் இன்னும் 20 மீட்டர் அழுத்தத்தைப் பம்ப் கொடுத்தாக வேண்டும். அதே குழாயில் முதல் தளத்துக்குக் கிடைப்பது 60 மீட்டர், ஆறு பார். அதாவது கீழிருந்து ஏற்றினாலும் மண்டலம் பிரிக்காமல் தப்ப முடியாது. தொல்லை இன்னும் கூடும். போதாததற்கு, மின்சாரம் நின்றால் ஒரு சொட்டும் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல குடியிருப்புகளில் கீழ்நிலைத் தொட்டியும் பம்பும் மூழ்கிக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அப்போது மேல்நிலைத் தொட்டியில் இருந்த தண்ணீர்தான் கைகொடுத்தது. ஆகவே மேலிருந்து இறக்கும் முறையையே வைத்துக்கொண்டு, அதைப் பிரிப்பது என்று செயற்குழு முடிவு செய்தது.

பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கீழ்த்தளங்களுக்குச் செல்லும் ஒவ்வொரு இறங்கு குழாயிலும் அழுத்தக் குறைப்பு வால்வு வைப்பது. இதற்கு இடம் அதிகம் வேண்டாம், செலவும் முதலில் குறைவு. ஆனால் நமக்கு வருவது கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும், மணல் கலந்த டேங்கர் லாரித் தண்ணீரும். வால்வின் உள்ளே அடைக்கும் இடத்தில் உப்பு படிந்தால் அது முழுதாக மூடாது. யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து ஏறும். பகலில் அளவுமானி சரியாகக் காட்டும். விடியற்காலை பார்த்தால் மேலே உள்ள முழு அழுத்தமும் கீழே வந்திருக்கும். அப்படி ஏறினால் வால்வு கெட்டுவிட்டது என்று பொருள். ஆறு இறங்கு குழாய்களுக்கும் ஆறு வால்வு, ஆறு வடிகட்டி, ஒவ்வொன்றையும் முறையாகச் சுத்தம் செய்யும் ஆள் என்று வைத்துப் பார்த்தபோது, அது நம்மால் தொடர்ந்து செய்யக்கூடியதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது வழி இடைநிலைத் தொட்டி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அதில் திறந்தவெளியில் விழுகிறது. அங்கேயே அழுத்தம் முடிந்துவிடுகிறது. கீழே செல்லும் குழாய்க்கு அந்தச் சிறு தொட்டியின் உயரம் மட்டுமே கணக்கு. தொட்டிக்குள் தண்ணீர் விடும் வால்வு பழுதானாலும் கீழ்வீடுகளில் அழுத்தம் ஏறாது. தொட்டி நிரம்பி வழியும், அவ்வளவுதான். கெட்டால் கண்ணுக்குத் தெரியும்படி கெடுவதால் இதையே தேர்ந்தெடுத்தோம்.

தொட்டி வைக்க ஒன்பதாம் தளத்தில், படிக்கட்டை ஒட்டிப் பயனின்றிக் கிடந்த பொதுக் கிடங்கு அறை கிடைத்தது. தீ விபத்தின்போது ஒதுங்கும் இடத்தில் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த இடத்தை மறிப்பது விதிக்கு விரோதம் என்பதால் அதை ஏற்கவில்லை. ஐந்நூறு லிட்டர் தொட்டிகள் இரண்டு வைத்திருக்கிறோம். தண்ணீரின் எடை மட்டும் ஒரு டன் என்பதால் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்ற பிறகே பணியைத் தொடங்கினோம்.

அடுத்து, எந்தத் தளத்தில் பிரிப்பது? ஒப்பந்தக்காரர் சரிபாதியாக, ஏழாம் தளம் வரை கீழ்மண்டலம் என்று வரைந்து கொண்டுவந்தார். பார்வைக்கு நியாயமாக இருந்தது. ஆனால் இடைநிலைத் தொட்டியின் அடிமட்டம் 27.5 மீட்டர், ஏழாம் தளத்து ஷவர் 23 மீட்டர். மிஞ்சுவது நாலரை மீட்டர். பதினான்காம் தளத்தார் இத்தனை ஆண்டு பட்ட துன்பத்தை அப்படியே ஏழாம் தளத்துக்கும் கொடுத்திருப்போம். தொட்டி, தான் தண்ணீர் கொடுக்கும் கடைசித் தளத்துக்கு மூன்று நான்கு தளம் மேலே இருந்தால்தான் பயன் உண்டு. எனவே ஐந்தாம் தளத்தோடு கீழ்மண்டலத்தை நிறுத்தினோம். இப்போது ஐந்தாம் தளத்து ஷவருக்குப் பத்தரை மீட்டர், முதல் தளத்துக் குழாய்க்கு 23.5 மீட்டர். ஆறாம் தளத்திலிருந்து மேலே எல்லாம் பழையபடி மொட்டைமாடித் தொட்டியே. அங்கே மிக அதிகமாக ஆறாம் தளத்துக் குழாயில் 28.5 மீட்டர். நாலேகால் பார் என்பது கட்டடத்தில் எங்குமே இல்லை.

பணி முறை இதுதான். ஆறாம் தளத்துக்குக் கீழே ஆறு இறங்கு குழாய்களும் துண்டிக்கப்பட்டன. மேல்பகுதியின் முனைகள் மூடப்பட்டு, வண்டல் கழிக்க அவற்றில் வால்வு வைக்கப்பட்டது. கீழ்ப்பகுதிகள் ஆறும் இடைநிலைத் தொட்டியிலிருந்து வரும் புதிய சுற்றுக்குழாயில் இணைக்கப்பட்டன. துண்டித்த இடங்களில் காற்று சிக்கிக்கொண்டால் தண்ணீர் விட்டுவிட்டு வரும். அதற்காகக் காற்றுக் குழாயை இடைநிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே கொண்டுபோய்த் திறந்துவிட்டிருக்கிறோம். தாழ்வாக விட்டிருந்தால் அதன் வழியே தண்ணீர் கொட்டும்.

தொட்டி சிறிதாயிற்றே, காலை நேரத்துக்குப் போதுமா என்ற கேள்வி நியாயமானது. கீழ்மண்டலத்தில் இருபது வீடுகள். உச்ச நேரத்தில் நொடிக்கு மூன்று லிட்டர் வரை போகலாம் என்று வைத்தால், உள்ளே தண்ணீர் வராவிட்டால் ஆறு நிமிடங்களுக்குள் தொட்டி காலியாகும். இது சேமிப்புத் தொட்டி அல்ல, அழுத்தத்தை முறிக்கும் தொட்டி. ஆகவே போகும் வேகத்துக்கு உள்ளேயும் வர வேண்டும் என்பதால் இரண்டங்குல மிதவை வால்வு பொருத்தப்பட்டது. கீழ்நிலைத் தொட்டியின் பம்பிலிருந்து நேரடியாக நிரப்பினால் மின்சாரம் மிச்சமாகும் என்று சொன்னார்கள். ஆண்டுக்குச் சில நூறு யூனிட் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் மின்தடையின்போது கீழ்மண்டலம் ஆறு நிமிடத்தில் வறண்டுவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து நிரப்புவதால் அந்தக் கவலை இல்லை.

பதின்மூன்றாம், பதினான்காம் தளங்களுக்கு மட்டும் மொட்டைமாடியில் தனிக் குழாயும் சிறு பிரஷர் பம்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் நின்றால் பம்பைச் சுற்றிச் செல்லும் மாற்றுக்குழாய் வழியாகப் பழைய அளவிலாவது தண்ணீர் வரும்.

பணி முடிந்தபின் முதல் தளத்தில் விடியற்காலை அளவுமானி 2.3 பார் காட்டியது. திறந்த குழாயில் வரும் தண்ணீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே முதல் தளத்தில் அதே குழாயை அதே அளவு திறந்தால் வருவது முன்பைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. இதைத்தான் சிலர் "தண்ணீர் வரவில்லை" என்று புகார்ப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். டேங்கர் லாரிக்குப் பணம் கொடுக்கும் ஊரில் அந்தக் கால்பங்கு மிச்சம்தான்.

குழாய்த் துவாரங்களைத் திறக்க வீட்டுச் சாவி தராமல் வெளியூர் சென்ற மூன்று உறுப்பினர்களால் பணி வாரக்கணக்கில் நீண்டது. அந்த நாள்களில் இருபது வீட்டார் ஸ்டில்ட் தளத்திலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள் இதைத் தங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார். செலவின் பெரும்பகுதி குழாய்ப் பணிக்கே ஆயிற்று. தொகுப்பு நிதியிலிருந்து ஓரளவு எடுக்க நேர்ந்தது. எல்லோரும் பராமரிப்புக் கட்டணத்தை உரிய நாளில் செலுத்தியிருந்தால் எடுக்க வேண்டியிருந்திருக்காது. நிலுவை வைத்திருப்போரின் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. சிறப்பு நிதிக்கு ஒரு ரூபாயும் தராத வீடுகளுக்கும் அதே சுற்றுக்குழாயிலிருந்தே தண்ணீர் போகிறது.

தலைவர், பொருளாளர், கட்டமைப்புப் பொறியாளர், பிளம்பர்கள், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி. சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்ற எட்டாம் தளத்து அம்மாவுக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டில் இடைநிலைத் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். தொட்டிகள் இரண்டாக இருப்பதால் ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றில் விநியோகத்தைத் தொடரலாம். மிதவை வால்வு சிக்கினால் வழியும் தண்ணீர், காவலர் அறைக்கு எதிரே வந்து விழும்படி குழாய் விடப்பட்டிருக்கிறது. அங்கே தண்ணீர் கொட்டினால் யார் பார்த்தாலும் உடனே சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் தேய்ந்துபோன வால்வுகளையும் மாற்றியாக வேண்டும், அதற்கு நிதி இல்லை. நிலுவைத் தொகை வந்துசேர்ந்தால் போதும், புதிய வசூல் தேவைப்படாது. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். குழாய் வரைபடமும் வால்வுப் பட்டியலும் அலுவலக அறையில் தயாராக இருக்கின்றன.

செயலாளர்