இரண்டு பெட்டிகளும் அவற்றின் சாவிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறையியல் மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்டுவரும் திருச்சபை வரலாற்றுத் தொடரில், சீர்திருத்த இயக்கத்தின் காரணங்களையும் விளைவுகளையும் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். போப்பாண்டவர் பாவமன்னிப்பை விற்றார், மார்ட்டின் லூத்தர் எதிர்த்தார், சபை பிளந்தது என்ற வரிசையில் அது அமைந்திருக்கிறது. பல ஆண்டுகள் இப்பாடத்தை நடத்தியவன் என்ற முறையில், மாணவர்கள் தேர்வுத்தாளில் இதே மூன்று வரிகளை எழுதிவிட்டு நின்றுவிடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஆகவே இக்கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். நாம் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று சொல்லிப் பழகிவிட்ட சீட்டு, கோட்பாட்டின்படி பாவத்தை மன்னிப்பதாகச் சொல்லவில்லை. குற்றம் பாவசங்கீர்த்தனத்தில் குருவால் மன்னிக்கப்படுகிறது. அதன் பிறகும் அனுபவித்துத் தீர்க்க வேண்டிய தண்டனை எஞ்சியிருக்கிறது. இம்மையில் தீராதது உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர வேண்டும். அந்தத் தண்டனையைக் குறைப்பதே 'பலன்' எனப்பட்டது. 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் என்ற போப்பாண்டவர், இறந்துபோன உறவினர்களின் ஆன்மாக்களுக்காகவும் இதைப் பெறலாம் என்று விரிவாக்கினார். தாயும் தகப்பனும் நெருப்பில் வேகிறார்கள் என்று நம்பிய மக்களிடம் அந்த விரிவாக்கம் எவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருக்கும் என்பதை மாணவர்கள் உணராவிட்டால், மற்ற எதுவும் அவர்களுக்குப் புரியாது.

இனி பணத்தின் வழியைப் பார்ப்போம். ஜெர்மனியின் மைன்ஸ் மறைமாவட்டத்தில் 1504, 1508, 1514 என்று பத்தே ஆண்டுகளில் மூன்று பேராயர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு புதிய பேராயரும் தம் பதவியின் அடையாளமான பாலியம் என்னும் தோளாடையைப் பெற உரோமைக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். அதைக் கட்டிக் கட்டி மைன்ஸ் களைத்திருந்தது. அந்நிலையில் பிராண்டன்புர்க் அரச குடும்பத்து இளைஞரான ஆல்பிரெக்ட், அந்தக் கட்டணத்தைத் தாமே செலுத்துவதாக முன்வந்தார். அவர் ஏற்கெனவே மாக்டெபுர்க்கின் பேராயர். முப்பது வயது நிரம்பாதவர். மைன்ஸ் பேராயர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவர் என்பதையும், இன்னொரு வாக்கு ஆல்பிரெக்டின் அண்ணனிடம் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அக்குடும்பத்துக்கு இந்தப் பதவி ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும்.

வயது குறைவுக்கும் பல பதவிகளை ஒருவரே வகிப்பதற்கும் சிறப்பு விலக்கு வேண்டும். அதற்குத் தனித் தொகை. ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் ஆல்பிரெக்ட் ஏறத்தாழ 29,000 கில்டர் கடன் வாங்கினார். கடனை அடைப்பதற்கு வழியாக, 1515இல் பத்தாம் லியோ, பரிசுத்த பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காக என்று அறிவித்து, ஆல்பிரெக்டின் பகுதிகளில் எட்டு ஆண்டுகளுக்குப் பலனைப் பரப்ப அனுமதித்தார். வரவில் ஒரு பாதி உரோமைக்கு. மறுபாதி ஃபுக்கர் கடனுக்கு. டொமினிக்கன் துறவியான டெட்சல் பிரசங்கித்த இடங்களில் காணிக்கைப் பெட்டியைக் கண்காணிக்க ஃபுக்கரின் ஆட்கள் உடனிருந்தார்கள். பிரசங்கிகளுக்குக் கொடுத்த அறிவுரையில் அரசர்களுக்கு 25 பொற்கில்டர், கைவினைஞருக்கு ஒன்று என்று தகுதிவாரியாக வீதம் வகுக்கப்பட்டிருந்தது. ஒன்றுமில்லாதவர் ஜெபத்தாலும் நோன்பாலும் பெறலாம் என்றும் அதே அறிவுரையில் இருந்தது.

சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடரிக் தம் நாட்டுக்குள் டெட்சலை அனுமதிக்கவில்லை. ஆனால் லூத்தர் பணியாற்றிய விட்டன்பெர்க் நகர மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக்குக்குச் சென்று சீட்டு வாங்கிவந்து, இனி மனந்திரும்பத் தேவையில்லை என்ற எண்ணத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள். லூத்தரின் கலக்கம் அங்கேதான் தொடங்கியது. அவர் 1517 அக்டோபர் 31 அன்று தம் 95 வாசகங்களை ஆல்பிரெக்டுக்கே கடிதத்துடன் அனுப்பினார். அப்பணத்தில் பாதி எங்கே போகிறது என்பது அப்போது தமக்குத் தெரியாது என்று அவரே பின்னாளில் எழுதினார். ஆகவே அவருடைய எதிர்ப்பு ஊழலைக் கண்டுபிடித்தவரின் எதிர்ப்பு அன்று. கிறிஸ்தவனின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்ற முதல் வாசகத்தில் இருந்து எழுந்த எதிர்ப்பு. கதவில் ஆணி அடித்த காட்சியோ, அவர் இறந்த 1546ஆம் ஆண்டில் அவருடைய உடன்பணியாளர் மெலாங்க்தன் எழுதியதைக் கொண்டு பரவியது. 1517இல் மெலாங்க்தன் விட்டன்பெர்கில் இல்லை. கட்டுரையாளர் அதை ஐயமற்ற செய்தியாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

விளைவுகளைப் பொறுத்தவரை, கட்டுரை, லூத்தர் பேரரசர் முன் விசாரிக்கப்பட்ட வோர்ம்ஸ் மன்றத்திலிருந்து நேராக 1555ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் உடன்படிக்கைக்குத் தாவிவிடுகிறது. இடையில் விடுபட்ட ஒரு சிற்றூரை மாணவர்கள் அறிய வேண்டும். சாக்சனியின் லைஸ்னிக் ஊரார் 1523இல் பழைய காணிக்கைகளையும் அறக்கட்டளை நிலங்களையும் ஒன்றுசேர்த்து ஒரு பொதுப் பெட்டி அமைக்க முடிவுசெய்தார்கள். போதகரின் ஊதியம், பள்ளி ஆசிரியர்களின் ஊதியம், முதியோர், அநாதைகள், கடனில் மூழ்கிய கைவினைஞர் எல்லாருக்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். பெட்டிக்கு நான்கு பூட்டுகள், நான்கு சாவிகள்: பிரபுக்கள், நகரமன்றம், நகரவாசிகள், நாட்டுப்புற விவசாயிகள் ஆகிய ஒவ்வொரு பிரிவாரிடமும் ஒன்று. நான்கும் கூடாமல் பெட்டி திறக்காது. மேற்பார்வையாளர் பதின்மரில் மூவர் விவசாயிகள். லூத்தர் இந்த ஒழுங்குமுறைக்கு முன்னுரை எழுதி அச்சிட்டார். போதகரைத் தேர்ந்தெடுக்கவும் போதனையைச் சோதிக்கவும் சபைக்கு உரிமை உண்டு என்று அதே ஊருக்காகத் தனி நூலும் எழுதினார். என் கருத்தில் சீர்திருத்தம் தந்த வாக்குறுதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

ஆனால் பெட்டி நிறையவில்லை. நகரமன்றம் தன் கையிலிருந்த சொத்துகளை ஒப்படைக்க மறுத்தது. லூத்தர் பிரெடரிக்கிடம் முறையிட்டும் பலனில்லை. இரண்டு ஆண்டுகளில் விவசாயிகள் எழுந்தபோது, அவர்களுடைய பன்னிரண்டு கோரிக்கைகளில் முதலாவது, போதகரைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே. இரண்டாவது, தசமபாகத் தானியம் போதகருக்கும் ஊரின் ஏழைகளுக்கும் செல்ல வேண்டும் என்பது. லைஸ்னிக்கில் கேட்ட குரல்தான் அது. கிளர்ச்சியை ஆட்சியாளர்கள் இரத்தத்தில் அடக்கினார்கள். அடக்குமாறு லூத்தரும் கடுமையான சொற்களில் எழுதினார். அந்தப் பக்கத்தை மாணவர்களிடமிருந்து மறைக்கக் கூடாது. 1527 முதல் சாக்சனி ஆட்சியாளர் அனுப்பிய ஆய்வுக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று சபைகளின் வருமானத்தையும் போதகர்களின் தகுதியையும் சோதித்தன. ஆயர் செய்துவந்த வேலை இளவரசரிடம் சென்றது. ஆட்சியாளரின் மதமே நாட்டின் மதம் என்ற 1555ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்கு வழி இங்கேயே திறந்துவிட்டது.

நம் ஊருக்கான தொடர்பும் இந்த வழியில்தான் வருகிறது. 1706இல் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது எந்தச் சபைக் கூட்டமும் அன்று. லுத்தரன் திருச்சபைக்குத் தலைவராகவும் இருந்த டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அரசரின் ஆணையோடு வந்தவரைத் தரங்கம்பாடிக் கோட்டையின் டேனியத் தளபதியே சில மாதங்கள் சிறையில் வைத்தார். அதன் பிறகு சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

அடுத்த இதழில் லைஸ்னிக் பொதுப் பெட்டி ஒழுங்குமுறையின் சில பகுதிகளையேனும் தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திருச்சபை வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை