ஏப்ரல் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? சி.எஸ்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டு நிறுவனங்களுக்கு நிதி வழங்கும் கம்பெனிகளில் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாலை நேரக் கற்றல் மையங்கள் நடத்தும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் களப்பணியாளர்களில் யாராவது ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஏப்ரல்ல நான் வரணுமா?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. அவருடைய ஒப்பந்தம் மார்ச் 31 வரைதான். அடுத்த ஆண்டுக்கான உங்கள் ஒப்புதல் ஜூனில் வரும், முதல் தவணை ஆகஸ்டில் வரும். ஜூனில் பள்ளி திறந்ததுமே பிள்ளைகள் மையத்துக்கு வந்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் சம்பளம் இல்லை.

சம்பள உயர்வும் இப்படித்தான் நின்றுபோகிறது. நாங்கள் நடத்திய ஒரு மூன்றாண்டுத் திட்டத்தைச் சொல்கிறேன். மொத்தம் 72 லட்சம். அதில் ஐந்து களப்பணியாளர்களுக்கு மாதம் 16,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 9,60,000. ஒப்புதலான பட்ஜெட் ஷீட்டில் மூன்று ஆண்டுக்கும் அதே தொகைதான். முதலில் ஆண்டுக்கு 7 சதவீதம் உயர்வு கேட்டு அனுப்பியிருந்தோம். "சம்பளப் பங்கு அதிகமாகத் தெரிகிறது" என்று அந்தக் கம்பெனி எடுத்துவிடச் சொன்னது. எடுத்துவிட்டோம். அந்த உயர்வுக்கு மூன்று ஆண்டிலும் சேர்த்து ஆகியிருக்கக்கூடிய கூடுதல் செலவு 2,06,304 ரூபாய். மொத்தத் திட்டத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை.

இரண்டாம் ஆண்டில் பயணச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்தோம். அதைச் சம்பளத் தலைப்புக்கு மாற்றக் கேட்டோம். மற்றத் தலைப்புகளுக்குள் பத்து சதவீதம் வரை மாற்றலாம், சம்பளத்தில் மட்டும் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மிச்சப் பணம் திரும்பிப் போனது. அந்த ஆண்டே இரண்டு பேர் வேலையை விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளும் அவர்களிடம் பழகி முடிக்க நான்கு மாதம் ஆனது. இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?

"உங்கள் சொந்த நிதியிலிருந்து கொடுக்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற நிறுவனங்களில் வருகிற பணம் எல்லாமே ஏதோ ஒரு திட்டத்தின் பெயரில்தான் வருகிறது. எங்கள் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் அறுபது சதவீதம் ஒரு திட்டத்திலிருந்தும் நாற்பது சதவீதம் இன்னொன்றிலிருந்தும் வருகிறது. இரண்டாவது திட்டம் முடிந்தால் நாற்பது சதவீதம் போய்விடும், ஆனால் வேலை அதில் பாதிகூடக் குறையாது.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சட்டம் கையைக் கட்டுகிறது என்று பல கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 5 சதவீத வரம்பு உங்கள் கம்பெனிக்குள் சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கு மட்டுமே. ஒரு திட்டத்தை நேரடியாக நடத்த ஆகும் செலவு அதில் சேராது என்று 2021-இல் திருத்தப்பட்ட விதிகளே சொல்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம் திட்டச் செலவுதானே? அதே விதிகளின்படி, 'தொடர் திட்டம்' என்று உங்கள் போர்டு அங்கீகரித்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை நடத்தலாம். செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்துப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. ஆகவே மார்ச் 31-இல் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பது பெரும்பாலும் பழக்கம்தான்.

புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. 16,000 ரூபாய் ஊதியத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9,230 ரூபாய். இதற்கு எந்த பட்ஜெட்டிலும் நான் ஒரு வரி பார்த்ததில்லை. வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: பதினோரு மாத ஒப்பந்தம் போடச் சொல்வார்கள். பணம் இல்லாத நிர்வாகம் அதற்குச் சரி என்றுவிடும். தயவுசெய்து எங்களை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள்.

இப்போது அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் ஷீட்டுகள் உங்கள் மேசையில் இருக்கும். ஆண்டு உயர்வு என்று நாங்கள் எழுதியிருக்கும் இடத்தை அடிக்காமல் விடுங்கள். பணிக்கொடைக்கு ஒரு வரி சேருங்கள். பணியாளர் ஒப்பந்தத்தைத் திட்டத்தின் முழுக் காலத்துக்கும் போட அனுமதி கொடுங்கள். அடுத்த தவணை வரும்வரை மூன்று மாதச் சம்பளத்தை முந்தைய தவணையிலேயே சேர்த்து அனுப்புங்கள். இதையெல்லாம் செய்ய முடியாத ஆண்டு என்றால், திட்டம் தொடராது என்பதை ஜனவரியிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேறு வேலை தேட அவர்களுக்கு இரண்டு மாதமாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்காளர்