பொருள்: 28 கிராமும் 5 கிராமும் சேர்ந்து 34 கிராம் ஆகாது, விடைக்குறிப்பைத் திருத்தவும்

வணக்கம்.

உங்கள் பதினோராம் வகுப்பு வேதியியல் வினா வங்கியில் வரும் அந்த அம்மோனியா கணக்கைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். எந்தக் கணக்கு என்று உங்களுக்கே தெரியும், இதற்காக நான் போட்ட டிக்கெட்டுகளை எல்லாம் "தீர்க்கப்பட்டது" என்று மூடியது நீங்கள்தான். மின்னஞ்சல், சாட், போன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து முதலிலிருந்து சொல்லுங்கள் மேடம் என்கிறார். சரி, இந்தத் தடவை எழுத்திலேயே வைக்கிறேன், தயவுசெய்து வேதியியல் படித்த ஒருவர் இதை வாசிக்கட்டும்.

கேள்வி இதுதான். 28 கிராம் நைட்ரஜனையும் 5 கிராம் ஹைட்ரஜனையும் எடுத்து, வினை முற்றிலும் நடந்தால் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி எது, எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? உங்கள் விடைக்குறிப்பு நைட்ரஜன் என்றும் 34 கிராம் என்றும் சொல்கிறது. உள்ளே போட்டது மொத்தமே 33 கிராம். 33 கிராம் போட்டு 34 கிராம் எப்படி வரும்? இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஒருவர் கூடக் கூட்டிப் பார்க்கவில்லையா?

தவறு எங்கே நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமன் செய்த சமன்பாடு N₂ + 3H₂ → 2NH₃. நைட்ரஜன் 28 ஐ 28 ஆல் வகுத்தால் 1 மோல், ஹைட்ரஜன் 5 ஐ 2 ஆல் வகுத்தால் 2.5 மோல். இதுவரை உங்கள் விளக்கத்திலும் சரியாகவே இருக்கிறது. அடுத்த வரியில் "1 என்பது 2.5 ஐ விடக் குறைவு, எனவே நைட்ரஜன்" என்று முடித்துவிட்டார்கள். மோல்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, சமன்பாடு கேட்கும் விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் தேவை, கையில் இருப்பது 2.5 தான், ஆக முதலில் தீர்ந்துபோவது ஹைட்ரஜன். இன்னொரு வழியில் பார்க்க வேண்டுமா, ஒவ்வொன்றின் மோலையும் அதன் முன்னால் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள், நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 0.83, சிறியது எதுவோ அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. என் வகுப்பில் இதை ஆட்டோவை வைத்துச் சொல்வேன். 10 பாடியும் 25 சக்கரமும் இருந்தால் எண்ணிக்கையில் சக்கரம்தான் அதிகம், ஆனால் 8 ஆட்டோவோடு வேலை நின்றுவிடும், நிறுத்தியது சக்கரம்தான்.

சரியான விடை 2.5 ஐ 3 ஆல் வகுத்து 2 ஆல் பெருக்கினால் 1.67 மோல், அதாவது 28.3 கிராம் அம்மோனியா. மீதி இருக்கும் நைட்ரஜன் சுமார் 4.7 கிராம். இரண்டையும் கூட்டினால் 33 வருகிறது பாருங்கள்.

இதை நான் போனில் சொன்னபோது உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "மேடம், இதெல்லாம் எக்ஸ்பர்ட் டீம் போட்ட ஆன்சர், உங்களுக்கு கான்செப்ட் கிளியரா இல்லேன்னா வீடியோ பாருங்க." இத்தனை வருஷமாக மோல் கணக்கு நடத்துகிறவளிடம்! நான் 33, 34 என்று திரும்ப ஆரம்பித்ததும் "சொன்னா புரிஞ்சுக்க மாட்டீங்களா" என்று லைனைத் துண்டித்துவிட்டார். அவருக்கு வேதியியல் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, தெரிந்தவரிடம் இணைப்பைக் கொடுத்திருக்கலாம். அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் மேலதிகாரி என்று ஒருவர் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். அம்மோனியா தயாரிப்பு மீள்வினை, முழுவதும் நடக்காது, அதனால் விடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாமாம். ஹேபர் முறையில் வினை சமநிலையில் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நின்றால் அம்மோனியா 28.3 கிராமை விடக் குறையுமே தவிர, 34 க்கு ஏறாது. அதோடு, வினை முற்றிலும் நடந்தால் என்று கேள்வியிலேயே போட்டது நீங்கள்தானே.

இதற்கு மேலும் பொறுக்காமல் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி, வகுப்பை விட்டுவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சென்னையில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். வரவேற்பில் இருந்தவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கன்டென்ட் டீம் இங்கே இல்லை, செயலியில் டிக்கெட் போடுங்கள் என்றார். அந்த டிக்கெட்டை மூடியதால்தானே ஐயா நான் நேரில் வந்தேன்!

இப்போது செயலியில் விடையை ஹைட்ரஜன், 28.3 கிராம் என்று மாற்றியிருக்கிறீர்கள். நன்றி சொல்லலாம் என்று விளக்கத்தைத் திறந்தால் "5 கிராம் என்பது 28 கிராமை விடக் குறைவு, எனவே ஹைட்ரஜன்" என்று இருக்கிறது. விடை சரி, காரணம் முன்பு இருந்ததைவிட மோசம். இந்த விளக்கத்தைப் படித்த பிள்ளைக்கு நாளைக்கு 28 கிராம் நைட்ரஜனும் 7 கிராம் ஹைட்ரஜனும் கொடுத்தால் என்ன செய்யும்? நிறையில் ஹைட்ரஜன்தான் குறைவு என்று அதையே எழுதும். ஆனால் 7 கிராம் என்பது 3.5 மோல், தேவை 3 தான், அங்கே நைட்ரஜன்தான் தீர்ந்துபோகிறது, 34 கிராம் அம்மோனியா வந்து 1 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். கிராமை கிராமோடு ஒப்பிடுவது தற்செயலாகச் சரியாக வந்தால்தான் உண்டு. அச்சுப் புத்தகத்தில் இன்னும் பழைய 34 தான் நிற்கிறது. ஒரே கேள்விக்குப் புத்தகத்தில் ஒரு விடை, செயலியில் இன்னொரு விடை, இரண்டிலும் காரணம் தப்பு.

நீட் தேர்வில் ஒரு கேள்வி சரியானால் 4, தவறானால் கழித்தல் 1. இந்த ஒரு பழக்கத்தால் 5 மதிப்பெண் வித்தியாசம் வந்து என் பிள்ளைகள் ஒருவருக்குச் சீட் போனால் யார் பொறுப்பு? என் பேட்ச் முழுவதற்கும் இந்தப் புத்தகத்தை வாங்கச் சொன்னது நான். இப்போது "மிஸ், புக்ல வேற மாதிரி இருக்கே" என்று கேட்கிறார்கள், பெற்றோர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். உங்களால் இந்த வருஷமே எங்களுக்குப் பாழாகிவிட்டது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. செயலியில் அந்த விளக்கத்தை மாற்றி, மோலையும் சமன்பாட்டின் விகிதத்தையும் ஒப்பிடும் வரியைச் சேர்த்து, கடைசியில் நிறைகளைக் கூட்டிச் சரிபார்த்தும் காட்டுங்கள். புத்தகத்துக்குப் பிழைதிருத்தத் தாள் அச்சிட்டு வாங்கியவர்களுக்கு அனுப்புங்கள். அதே பயிற்சியில் உள்ள மற்ற கணக்குகளையும் ஒருவர் உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும், ஒரே கை எழுதியதாக இருந்தால் அதே தவறு அங்கேயும் இருக்கும். போனில் அப்படிப் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். மூடிய டிக்கெட்டுகளின் படங்கள், பஸ் டிக்கெட், இரண்டு விடைகளின் படங்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரை போக விடாமல் நீங்களே திருத்திவிடுவீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். பதிலில் தயவுசெய்து டிக்கெட் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், திருத்திய பக்கத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் டியூஷன் ஆசிரியை,
விழுப்புரம்