புகார்: தேர்ந்தெடுத்த ஒரு வரிக்குப் பதிலாக முழுத் தொகுதியையும் மாற்றிவிடும் ஒப்பீட்டு மென்பொருள்

அனுப்புநர்: தோட்ட அலுவலகக் கிராணி, சுங்கை சிப்புட், பேராக்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

செம்பனைக் குலை வெட்டுவோரின் சம்பள விகிதக் கோப்பு எங்களிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது: ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வெளிக்களப் பிரிவில். மாத இறுதியில் இரண்டையும் உங்கள் மென்பொருளில் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டு, வேண்டிய மாற்றங்களை மட்டும் அலுவலகப் பிரதிக்குக் கொண்டுவருவது என் வேலை.

சென்ற மாதம் இரு பிரதிகளிலும் இருந்த வரிகள் இவை. ஒவ்வொரு வரியிலும் முதலில் வெட்டும் பகுதியின் எண்ணும், அடுத்து டன்னுக்கான விகிதமும் இருக்கும். முதல் இரண்டும் அலுவலகத்துடையவை. அடுத்த இரண்டும் களத்துடையவை.

```
B08,48.00
B09,52.50

B08,50.00
B09,48.00
```

தொடக்கத்தில் இரண்டு வரிகளிலும் 48.00 வெள்ளியே இருந்தது. B08 விகிதத்தைக் களத்தினர் உயர்த்தினார்கள். B09 விகிதத்தை நான் உயர்த்தினேன். ஆகவே B08 வரியை மட்டும் தேர்ந்தெடுத்து `Copy to Left` பொத்தானை அழுத்தினேன். இடையில் மாறாத வரி எதுவும் இல்லாததால் இரண்டையும் ஒரே தொகுதியாகக் கருதிய உங்கள் மென்பொருள், என் தேர்வைப் பொருட்படுத்தாமல் B09-ஐயும் 48.00-க்குத் திருப்பிவிட்டது. வேறுபாட்டு நிறம் மறைந்ததும் வேலை முடிந்தது என்றே நானும் நம்பிச் சேமித்தேன். சேமித்தபின் மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதியும் இல்லை, பழைய பிரதியும் வைக்கப்படவில்லை.

B09-இல் அம்மாதம் வெட்டப்பட்டது 36 டன். டன்னுக்கு 4.50 வெள்ளி வீதம் 162 வெள்ளி குறைந்துபோனதைச் சம்பள நாளன்று வெட்டுக்காரர் ஒருவர் தம் குறிப்பேட்டைக் காட்டித்தான் எனக்கு உணர்த்தினார். கணினியைவிட அந்தக் குறிப்பேடு நம்பகமாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

உங்கள் சேவைப் பிரிவினர் `Split` கட்டளையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். மாறாத வரி ஒன்று இடையில் இருந்தால்தான் அது தொகுதியைப் பிரிக்கும். அடுத்தடுத்த வரிகளில் அது பயனற்றது. இப்போது இரு கோப்புகளிலும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வெற்று வரியைச் சேர்த்து, ஒப்பிட்டு முடித்தபின் நீக்குகிறேன். பணம் கட்டி வாங்கிய மென்பொருளுக்கு இது அழகல்ல.

தேர்ந்தெடுத்த வரி மட்டுமே நகர வேண்டும். சேமிக்கும் முன் பழைய பிரதி தானாக வைக்கப்பட வேண்டும். இவற்றோடு, மாற்றத்துக்கு முந்தைய மூலக் கோப்பையும் சேர்த்து மூன்றாக ஒப்பிடும் வசதியும் வேண்டும். இரண்டை மட்டும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் மாறியது, எந்தப் பக்கம் பழையபடி இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. மூலம் இருந்தாலும் அடுத்தடுத்த வரிகளை அது மோதலாகக் கருதி நிற்கக்கூடும் என்பதை அறிவேன்; சொல்லாமல் மாற்றுவதைவிட, நின்று என்னைக் கேட்பதே மேல்.

14 நாட்களுக்குள் திருத்தத்தின் தேதியைத் தெரிவியுங்கள். இயலாதெனில், உரிமக் கட்டணத்தில் எஞ்சிய மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்பீட்டுத் திரையின் படங்களையும் இரு கோப்புகளையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தோட்ட அலுவலகக் கிராணி