யாழ்ப்பாணத்து வங்கிக் கிளை முகாமையாளர்களுக்கு: அந்த இரண்டு எழுத்துக்கு என்ன பொருள்?

ஐயா, அம்மணி,

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் இருப்பேன். பத்திரிகை பார்க்க வருகிறவர்களை விட, வங்கிக் கணக்குக் கூற்றோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கடந்த மாதம் கோண்டாவிலில் இருந்து ஓர் அக்கா ஏழு மாதக் கூற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, மகன் கனடாவில இருந்து அனுப்புற காசு தங்குதில்லை. உந்த எழுத்தெல்லாம் என்னெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்றார்.

இந்த மடல் அந்தக் கூற்றைப் பற்றியது. எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. உங்களில் யாருடையதாகவும் இருக்கலாம்.

தேதி வரிசையில் பார்த்தால் மாதாமாதம் போகிற காசு கண்ணில் படாது. நான் வேறு விதமாகச் செய்வேன். ஏ.டி.எம்.மில் எடுத்தது, கடையில் அட்டை போட்டது என்று ஆளுக்கு நினைவிருப்பவற்றை முதலில் பென்சிலால் வெட்டிவிடுவேன். மிஞ்சிய பற்றுகளைத் தொகை வரிசையில் ஒரு தாளில் எழுதுவேன். ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்தால் அடுத்தடுத்து வந்து நிற்கும். அக்காவின் தாளில் மேலே நின்றது இது, இடையில் இருக்கிற 500 ரூபா வரியை மட்டும் அதன் திகதிக்கு நேரே சேர்த்திருக்கிறேன்:

```
05/02/25  SO 004417      8,750.00
05/03/25  SO 004417      8,750.00
07/04/25  SO 004417      8,750.00
05/05/25  SO 004417      8,750.00
05/06/25  SO RTN CHG       500.00
07/07/25  SO 004417      8,750.00
05/08/25  SO 004417      8,750.00
```

SO என்பது நிலையியற் கட்டளை. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த கட்டளைப்படி வங்கியே மாதாமாதம் இன்னொரு கணக்குக்குக் காசு அனுப்புவது. ஏப்ரல், ஜூலை இரண்டிலும் 5ஆம் திகதி சனிக்கிழமை, அதனால் திங்கட்கிழமை 7ஆம் திகதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. திகதியை மட்டும் பிடித்துத் தேடுகிறவர் இங்கேயே கோட்டை விடுவார். ஜூனில் மகனின் காசு பிந்தியதால் மீதி போதவில்லை. கட்டளை திரும்பிவிட்டது, அதற்குத் தண்டமாக 500 ரூபா. காசு போகாத மாதத்திலும் ஒரு கழிவு விழுகிறது என்பதே அக்காவுக்குப் புதினம்.

8,750 என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. மருமகனின் மோட்டார் சைக்கிள் லீசிங். 2022 மார்ச்சில் தொடங்கியது, 36 தவணை. எண்ணிப் பார்த்தோம். 36ஆவது தவணை 2025 பெப்ரவரி 5ஆம் திகதி போய் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு மார்ச், ஏப்ரல், மே, ஜூலை, ஓகஸ்ட் என்று ஐந்து தரம், 43,750 ரூபா, கடனே இல்லாத கணக்குக்குப் போயிருக்கிறது. வங்கியில் கட்டளைப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினோம். தொடங்கும் திகதி எழுதியிருந்தது. முடியும் திகதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. முடிவு எழுதப்படாத கட்டளை, வாடிக்கையாளர் வந்து நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். வங்கி பிழை விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் கவுன்ரருக்கு இந்தப் பக்கத்தில் நின்ற அக்காவிடம் "எத்தனை தவணை?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது கொஞ்சம் ஒளித்து விளையாடியது. தொகை வரிசையிலும் அது சரியாகச் சேர்ந்து நிற்கவில்லை. 1,538.20, 1,546.90, 1,551.75. மூன்றும் ஒன்றுக்கொன்று நூற்றுக்கு ஒன்று கூட வித்தியாசமில்லை, ஆனால் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றையும் அந்தந்த நாளில் வங்கி போட்ட டொலர் விலையால் வகுத்துப் பார்த்தேன். மூன்றிலும் 4.99 வந்தது. வெளிநாட்டுச் சந்தா இப்படித்தான் வரும். டொலரில் மாறாது, ரூபாவில் மாதாமாதம் ஆடும்.

அதன் விவரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது, கடைசியில் IE என்ற இரண்டு எழுத்து. அட்டைக் கொடுக்கல் வாங்கலில் கடைசி இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும், IE என்றால் அயர்லாந்து. நட்சத்திரத்துக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் காசை வாங்கிக் கொடுக்கிற இடைத்தரகர் பெயர், பின்னால் இருப்பதுதான் உண்மையான வியாபாரி. எழுத்துக்கு இடம் குறைவென்பதால் அந்தப் பெயர் பாதியில் அறுந்து நிற்கும். `PHOTO EDI` என்று மட்டும் இருந்தது. பேரன் கைபேசியில் படம் அழகாக்கும் செயலியொன்றை "ஒரு கிழமைக்கு இலவசம்" என்று போட்டிருக்கிறான், அக்காவின் அட்டை இலக்கத்தைக் கொடுத்து. பிறகு செயலியை அழித்தும் விட்டான். அழித்தால் சந்தா நிற்காது, சந்தாவைத் தனியாக ரத்துச் செய்ய வேண்டும். வங்கிக்கு வந்து SO-வை நிறுத்துவதுபோல இதை நிறுத்தவும் முடியாது. அது நாங்கள் அனுப்புகிற காசு, இது அவர்கள் வந்து எடுக்கிற காசு. எந்தக் கதவைத் தட்டுவதென்று முதலில் நிற்கிற எழுத்துத்தான் சொல்கிறது. அந்த எழுத்தைத்தான் எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அக்கா அதிகம் கோபப்பட்டது மிகச் சின்னத் தொகைக்கு. மார்ச்சில் வட்டி 61.40, அதில் WHT என்று 3.07 கழிவு. ஏப்ரலில் வட்டி 58.20, கழிவு 5.82. "வட்டி குறைய, கழிவு கூடுதே!" என்றார். இதில் வங்கியில் குற்றமில்லை. வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்கு 5 இலிருந்து 10 ஆனது. வட்டித் தொகையின் தசமப் புள்ளியை ஒரு இடம் இடப்பக்கம் நகர்த்தினால் வருகிற எண்தான் அது, சரிபார்க்க ஒரு செக்கன் போதும். வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர் வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்காமல் விடலாம். அக்காவுக்கு அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. உங்கள் கூற்றில் வருகிற குறியெழுத்துகளுக்கு ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தைக் கவுன்ரர் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஒரு வங்கியில் SO என்பது இன்னொரு வங்கியில் SI ஆக இருக்கிறது, ஆகவே பொதுவாக ஒன்றை அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்க எங்களால் முடியாது. ஒவ்வொருவரும் தன் தன் எழுத்தைச் சொல்ல வேண்டும். நிலையியற் கட்டளையின் வரியில் வெறும் இலக்கத்துக்குப் பதிலாகப் பெறுநரின் பெயரும் எத்தனையாவது தவணை என்பதும் வரட்டும். `34/36` என்று ஐந்து எழுத்துக்கு இடமிருந்திருந்தால் அக்கா வாசிகசாலைக்கு வந்திருக்கவே தேவையில்லை. முடியும் திகதி எழுதாத படிவத்தைத் திருப்பிக் கொடுத்து எழுத வையுங்கள். ஏற்கெனவே முடிவில்லாமல் ஓடுகிறவற்றின் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தரம் அந்த ஆட்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

லீசிங் நிறுவனம் 43,750 ரூபாவைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டிருக்கிறது, எழுத்தில் கேட்டிருக்கிறோம். கட்டளையை நிறுத்தும் கடிதமும் கொடுத்தாயிற்று, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய பிரதி அக்காவின் கைப்பைக்குள் இருக்கிறது. அடுத்த 5ஆம் திகதி கழிந்ததும் கூற்று எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பென்சிலைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசிகசாலையில் கூற்று வாசிக்கிறவன்