மில்லில் நின்ற அரை மணி நேரம்

அன்புள்ள கண்ணு,

உன் கதை வந்தது. போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை, தெருமுனைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து மூன்று தடவை படித்துவிட்டேன். கணவன் இறந்த மூன்றாவது மாதம் ஒரு பெண் முதல்முறையாகத் தனியாக மிளகாய் அரைக்க மில்லுக்குப் போகிறாள், அவ்வளவுதான் கதை, அது போதும், அதை மாற்றாதே. நான் எழுத உட்கார்ந்தது அந்த மில் பத்தியைப் பற்றி மட்டும்.

நீ முதலில் எழுதியது இது:

“மாவு மில் பரபரப்பாக இருந்தது. இயந்திரங்களின் இரைச்சல் காதைக் கிழித்தது. மிளகாய் நெடி மூக்கைத் துளைத்தது. அவள் மனதை இனம்புரியாத சோகம் கவ்வியது.”

இதில் எந்த வினைச்சொல்லையும் நீ தேடி எடுக்கவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. இரைச்சல் என்று எழுதினால் கை தானாகக் காதைக் கிழிக்கப் போகிறது, நெடி என்றால் மூக்கைத் துளைக்கிறது, சோகம் என்றால் இனம்புரியாமல் வந்து கவ்வுகிறது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் நான் திருத்திய நோட்டுகளில் இந்த ஜோடிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். படிக்கிறவர்களும் ஆயிரம் தடவை பார்த்திருப்பதால் அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். உனக்குச் சந்தேகம் இருந்தால் இந்தப் பத்தியை வெட்டி வேறு யாராவது எழுதிய கதையில் வரும் மில்லில் ஒட்டிப் பார். கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் அது உன் கதைக்கு இன்னும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நேற்று நம் மில்லுக்கு மல்லி அரைக்கப் போனேன். முன்னால் நாலு பேர் இருந்தார்கள், அரை மணி நேரம் நின்றேன், உனக்காக ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். மேலே சிலந்தி வலையெல்லாம் மாவு படிந்து சணல் கயிறு கனத்துக்குத் தொங்குகிறது. அரைக்கிறவர் கண் இமை வெள்ளையாக இருக்கிறது. பேச்சு கேட்காது என்பதால் எத்தனை கிலோ என்று விரலில்தான் கேட்கிறார்கள். மோட்டார் ஓடுவது செருப்பு வழியாக உள்ளங்காலில் தெரிகிறது. மிளகாய் அரைத்து முடித்ததும் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டினார், அது ரோஸ் கலரில் வந்து விழுந்தது, அதன் பிறகுதான் அடுத்தவர் கோதுமையைக் கொட்டவிட்டார். அப்புறம் அந்த மிளகாய். மூக்கில் ஏறுவதற்குள் தொண்டையைப் பிடித்துவிடுகிறது, எச்சில் விழுங்கினால் இருமல் வருகிறது. இதற்குத்தான் நம்மிடம் கமறல் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. தீய்ந்தால் காந்தல், பழைய எண்ணெய் என்றால் சிக்கு வாடை, மீன் என்றால் கவிச்சி. உன் பாட்டி தினமும் பேசிய சொற்கள் இவை. மூக்கைத் துளைத்தது என்று நீ எழுதிய இடத்தில் கமறியது என்று ஒரே சொல் போதும்.

போனில் இதைச் சொன்னதும் நீ ராத்திரியே திருத்தி அனுப்பிவிட்டாய். சிலந்தி வலை, வெள்ளை இமை, அரிசி, கமறல், போதாததற்குப் பதினைந்து குதிரைத்திறன் மோட்டார் என்று எல்லாமே வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நல்ல விவரம்தான், ஆனால் உன் கதைப் பெண் பத்தியில் காணாமல் போய்விட்டாள். சிலந்தி வலையைப் பார்த்தது நான், கண்ணு. வரிசையில் சும்மா நின்றிருந்தேன், கண் மேலே போயிற்று. அவள் இருபது வருஷமாக அந்த மில்லுக்கு வருகிறவள். அவளுக்கு இரைச்சல் கேட்கவே கேட்காது, பழகிப்போன சத்தம் யாருக்கும் கேட்காது. மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதல்முறை கூட வரும் ஒரு ஆறு வயதுப் பையன் கதையை நீ எழுதினால் சத்தமும் வலையும் அவனுக்கு உரியவை, தாராளமாக எழுது. இவள் கண்ணில் படுவது, போன தடவை மாதிரி இல்லாமல் இன்றைக்கு எது மாறியிருக்கிறதோ அது மட்டும்தான்.

எது மாறியிருக்கிறது? முன்பெல்லாம் இரண்டு பேரும் வருவார்கள், மிளகாய் மூன்று கிலோ, தூக்குவது அவர். இப்போது அரைக் கிலோ, தூக்குவது அவள். இதை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்தேன். இப்படியே எழுத வேண்டும் என்று இல்லை, எப்படிப் போகலாம் என்று காட்டுகிறேன்:

“தூக்குவாளியின் மூடியைத் திறந்து காட்டினாள். மில்காரர் உள்ளே பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். ‘இவ்வளவுதானா? மெஷின்லயே பாதி நின்னுடுமேம்மா.’ அவள் தலையை ஆட்டினாள். அரைத்து வாங்கியபோது வாளியின் அடி சுட்டது. முந்தானையைச் சுருட்டி அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். இது இவ்வளவு சுடும் என்று இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது.”

காதுக்கு ஒரு வாக்கியம், கைக்கு ஒரு சூடு, அவ்வளவுதான் வைத்தேன். மிளகாய் மில் என்றாலும் நெடியைத் தொடவே இல்லை, ஏனென்றால் அது இந்தத் தடவையும் அதே நெடிதான். கொஞ்சமாக அரைத்தால் மெஷினுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு குறைந்துதான் வரும், மில்காரர் சொல்வது வெறும் தொழில் பேச்சு. ஆனால் அவளிடம் அதைச் சொல்லும்போது என்ன ஆகிறது பார். சோகம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மனதில் இருப்பது உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு என்று தனி இயலாகவே வைத்திருக்கிறார்கள், எட்டு வகை, அழுகையும் அதில் ஒன்று. உன் பெண் அழ வேண்டிய அவசியம்கூட இல்லை, முந்தானையைச் சுருட்டினால் போதும்.

பஸ் பயணத்துக்கு நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஜன்னல், காற்று, வயல், எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. “பஸ் பிடித்து மில்லுக்குப் போனாள்” என்று முடித்துவிடு. எல்லா இடத்தையும் இப்படி நுணுக்கமாக எழுதினால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்புறம் ஒரு தப்பு. கடைசிப் பத்தியில் அவள் வீட்டுக்கு வந்ததும் தூளைப் பாட்டிலில் போட்டு மூடுகிறாள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டும், இருபது வருஷமாக அரைக்கிறவள் அதைச் செய்யவே மாட்டாள். சமைக்கத் தெரிந்த எவரும் அந்த இடத்தில் உன்னை நம்புவதை விட்டுவிடுவார்கள். பேப்பர் விரித்துப் பரப்பி ஆறவிடுவாள், ஃபேன் போட மாட்டாள், பறந்துவிடும். அப்படியானால் அந்த நடு ஹாலில், ஃபேன் ஓடாத வீட்டில், தூள் ஆறும்வரை அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் உன் கதையில் இன்னும் எழுதப்படவே இல்லை. அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதி அனுப்பு.

நம் வீட்டு மல்லித்தூள் இப்போது பேப்பரில்தான் கிடக்கிறது. நாளைக்குக் கட்டி அனுப்புகிறேன், ஒரு கிலோ, உன் ரூமில் இருக்கிற பொண்ணுக்கும் கொடு.

அம்மா