18 கடல் மைலில் இறைமை இல்லை: சர்வதேசச் சட்ட வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்மொழி மூல சர்வதேசச் சட்ட வினாத்தாளைத் தயாரிப்பவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும்,

வணக்கம். சென்ற தொடர் மதிப்பீட்டுப் பரீட்சையின் நான்காம் வினா பற்றித்தான் எழுதுகிறேன். அதில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் இதே விஷயமாக இரண்டு கடிதங்கள் தபாலில் அனுப்பினேன், இரண்டுக்கும் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வினாவுக்கு நீங்கள் கொடுத்த மாதிரி விடையைத் திருத்துங்கள், திருத்திய விடையை வைத்து விடைத்தாள்களை மறுபடி பாருங்கள்.

வினா இதுதான். வெளிநாட்டுக் கொடி பறக்கும் ஓர் எண்ணெய்க் கப்பல், ஒரு கரையோர அரசின் கரையிலிருந்து 18 கடல் மைல் தூரத்தில் நின்று வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களுக்கு டீசல் விற்கிறது. சுங்கச் சட்டத்தை மீறியதாகச் சொல்லி அந்த அரசு கப்பலைக் கைது செய்கிறது. கைது செல்லுமா?

நல்ல வினா. அதை யோசித்தவரைப் பாராட்டுகிறேன். ஆனால் தமிழ் வினாத்தாளில் கரையை ஒட்டிய ஆட்புலக் கடலுக்கும் ‘எல்லைக் கடல்’ என்றே அச்சிட்டிருந்தீர்கள், அதற்கு வெளியே உள்ள அடுத்துள்ள வலயத்துக்கும் ‘எல்லைக் கடல்’ என்றே அச்சிட்டிருந்தீர்கள். ஆங்கிலத் தாளில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது, நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த ஒரு சொல்லால் வந்த வினைதான் மாதிரி விடை: ‘கரையோர அரசு தன் எல்லைக் கடலில் இறைமை உடையது, எனவே கைது செல்லும்.’

என் மாலை வகுப்புக்கு மூதூரிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். பகலில் திருகோணமலை டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள், கடை விட்டதும் நேரே வகுப்பு, அப்புறம் கடைசி பஸ். அவளுடைய விடைத்தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அடிமட்டம் வைத்து ஒரு படம் கீறியிருக்கிறாள். கீழே கடல் தூரத்தை அளக்கத் தொடங்கும் கரையோர அடிக்கோடு, அதற்கு மேலே 12, 24, 200 என்று மூன்று கோடுகள், 18 வரும் இடத்தில் ஒரு சின்னக் கப்பல். கப்பலுக்குப் பக்கத்தில் ‘இங்கே இறைமை இல்லை, கட்டுப்பாடு மட்டும்’ என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘எல்லைக் கடல் = இறைமை’ என்று எழுதி, 20க்கு 4 போட்டிருக்கிறீர்கள். அந்த நாலு புள்ளியால் அவள் பாடத்தில் தவறிவிட்டாள். மறுபடி எழுத அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும், மறுபடி கட்டணம், கடை முதலாளியிடம் மறுபடி லீவு. ‘நான் எங்க சேர் பிழைவிட்டன்?’ என்று கேட்டாள். பிழை அவளுடையது இல்லை என்று என்னால் சொல்ல முடிந்தது, ஆனால் புள்ளியைக் கொடுக்க முடியவில்லை.

அவள் எழுதியது ஏன் சரி என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

1982 ஆம் ஆண்டின் கடல் சட்டச் சமவாயத்தின்படி அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்புலக் கடல். அங்கே அரசுக்கு இறைமை உண்டு, சுங்கச் சட்டமும் செல்லும். 12 தாண்டி 24 வரை அடுத்துள்ள வலயம். அதைப் பற்றிப் பேசும் 33 ஆம் உறுப்புரை இறைமை என்ற சொல்லையே எடுக்கவில்லை. சுங்கம், வரி, குடிவரவு, சுகாதாரம் ஆகிய நான்கு விஷயங்களில் மட்டும், அரசின் நிலப்பரப்பிலோ ஆட்புலக் கடலிலோ நடக்கவிருக்கும் மீறலைத் தடுக்கவும், அங்கே ஏற்கெனவே நடந்த மீறலுக்குத் தண்டிக்கவும் தேவையான கட்டுப்பாட்டைச் செலுத்தலாம் என்கிறது, அவ்வளவுதான். இதில் ‘அங்கே’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மீறல் உள்ளே நடந்திருக்க வேண்டும், அல்லது உள்ளே நடக்கப் போக வேண்டும்.

இப்போது அந்தக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 10 ஆவது மைலில் நின்று டீசல் விற்றுவிட்டு வெளியே ஓடும்போது 18 இல் பிடிபட்டால், மீறல் உள்ளே நடந்திருக்கிறது, தண்டிக்கப் பிடிக்கலாம். தீர்வை கட்டாத சரக்கோடு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தால், 18 இல் நிறுத்திச் சோதிக்கலாம், திருப்பி அனுப்பலாம். அந்த நிலையில் கைது வரை போகலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, அதை எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கூடக் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் வினாவில் வரும் கப்பல் 18 இலேயே நின்று, 18 இலேயே விற்று, உள்ளே வரவே இல்லை. அப்படியானால் சுங்கச் சட்டத்தின் கீழ் மீறல் எங்கே நடந்தது?

இது நான் கற்பனையில் சொல்வது இல்லை. ‘சைகா’ வழக்கு கிட்டத்தட்ட இதே கதைதான். 1997 ஒக்டோபர் 27 அன்று, செயின்ற் வின்சென்ற் கொடி ஏந்திய சைகா என்ற எண்ணெய்க் கப்பல், கினி நாட்டின் அல்கட்ராஸ் என்ற தீவிலிருந்து ஏறக்குறைய 22 கடல் மைல் தூரத்தில் மூன்று மீன்பிடிக் கப்பல்களுக்கு டீசல் கொடுத்தது. மறுநாள், கடல்வளத்தின் மீது கரையோர அரசுக்கு உரிமை உள்ள 200 மைல் வரையான பகுதியான பிரத்தியேக பொருளாதார வலயத்தில், கினியினுடையதன் தென் எல்லைக்கும் வெளியே வைத்து, கினியின் சுங்கப் படகுகள் சுட்டுப் பிடித்தன, கப்பலில் இருந்த இரண்டு பேர் காயமடைந்தார்கள். கரையிலிருந்து 250 கிலோமீற்றர் வரை தன் சுங்கச் சட்டம் செல்லும் என்று கினி வாதாடியது. ஹம்பேர்க்கில் உள்ள சர்வதேச கடல் சட்ட நியாயாதிக்க சபை 1999 ஜூலை 1 அன்று அதை ஏற்கவில்லை. பொருளாதார வலயத்தில் செயற்கைத் தீவுகள், நிறுவல்கள் தொடர்பாக மட்டுமே சுங்கச் சட்டம் செல்லும், மற்றக் கடற்பரப்பு முழுவதற்கும் அதை நீட்ட முடியாது என்றது. கப்பலைத் துரத்திப் பிடித்த முறையும் சட்டப்படி செல்லவில்லை. நிற்கும்படி காணக்கூடிய அல்லது கேட்கக்கூடிய சைகை கொடுத்த பிறகுதான் துரத்தல் தொடங்க வேண்டும், அது இடையில் அறுபடவும் கூடாது. இரண்டும் அங்கே நிறைவேறவில்லை. வட்டி தவிர்த்து 21 இலட்சத்து 23 ஆயிரத்து 357 அமெரிக்க டொலரைக் கினி இழப்பீடாகக் கட்ட வேண்டி வந்தது. உங்கள் மாதிரி விடையை எழுதிக்கொண்டு கினியின் சட்டத்தரணி அந்த மன்றத்துக்குப் போயிருந்தாலும் தோற்றுத்தான் திரும்பியிருப்பார்.

சரி, அப்படியென்றால் கரையோர அரசு கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமா? இல்லை. மூதூர்ப் பிள்ளை இதையும் எழுதியிருந்தாள், அதற்கும் நீங்கள் புள்ளி கொடுக்கவில்லை. 18 ஆவது மைல் அடுத்துள்ள வலயமாக இருக்கும் அதே நேரத்தில், அந்த அரசு பிரகடனம் செய்திருந்தால் 200 மைல் பொருளாதார வலயத்துக்குள்ளும் வருகிறது. அங்கே மீன்வளத்தின் மீது அரசுக்கு இறைமை உரிமைகள் உண்டு, இறைமை என்பது வேறு, இறைமை உரிமைகள் என்பது வேறு. 2014 ஏப்ரல் 14 அன்று தீர்ப்பான ‘வேர்ஜீனியா ஜி’ வழக்கில், வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலுக்கு எரிபொருள் கொடுப்பதை மீன்வளப் பாதுகாப்பின் ஒரு பகுதியாக கரையோர அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று அதே சபை ஏற்றது. சும்மா போகும் சரக்குக் கப்பலுக்கு டீசல் கொடுப்பதற்கு அந்த அதிகாரம் நீளாது என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே உங்கள் வினாவுக்குச் சரியான விடை இப்படி வரும்: சுங்கச் சட்டத்தின் கீழ் அந்தக் கைது செல்லாது, மீன்பிடிச் சட்டத்தில் எரிபொருள் விற்பனைக்கு அனுமதி வேண்டும் என்று இருந்து, அதன் கீழ் பிடித்திருந்தால் செல்லக்கூடும். எந்த மைலில் நின்றது என்பதோடு, எந்தச் சட்டத்தின் பெயரால் பிடித்தார்கள் என்பதும் வேண்டும்.

இன்னொன்று. எங்கள் நாட்டின் 1976 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க கடல் வலயங்கள் சட்டம், அடுத்துள்ள வலயத்தில் எடுக்கக்கூடிய நடவடிக்கைகளில் நாட்டின் பாதுகாப்பையும் சேர்க்கிறது. சமவாயத்தின் 33 ஆம் உறுப்புரையில் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் உள்நாட்டுச் சட்டத்தைப் பார்த்துப் படித்துவிட்டு ஐந்தாவது விஷயமாக அதையும் எழுதுகிறார்கள். எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள் என்று வினாவிலேயே ஒரு வரி போட்டால் இந்தக் குழப்பம் வராது. ‘கரையிலிருந்து’ என்பதையும் ‘அடிக்கோட்டிலிருந்து’ என்று மாற்றுங்கள். கொட்டியாரக் குடாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கரை என்றால் எந்தக் கரை என்று கேட்பார்கள்.

கோபத்தில் ஒரு விஷயம் சொல்லத்தான் வேண்டும். தமிழ்த் தாளில் பிழை என்று எப்போது சொன்னாலும் ‘ஆங்கிலத் தாளைப் பாருங்கள்’ என்பதே பதிலாக இருக்கிறது. ஆங்கிலத் தாளைப் பார்த்துத்தான் விளங்க வேண்டும் என்றால் தமிழ்மொழி மூலம் என்று விண்ணப்பப் படிவத்தில் ஏன் ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள்? தமிழில் ஆட்புலக் கடல், அடுத்துள்ள வலயம் என்று தனித்தனிச் சொற்கள் இல்லாமல் போகவில்லை. நாங்கள் வகுப்பில் அவற்றைச் சொல்லித்தான் படிப்பிக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் பாடம் தெரிந்த ஒருவர் ஒரு தடவை வாசித்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும்.

கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். உங்களுக்கும் வேலைப்பளு இருக்கும், மொழிபெயர்ப்புக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு என்பதும் தெரியும். ஆனாலும் பணிவோடு மறுபடி கேட்கிறேன். நான்காம் வினாவின் மாதிரி விடையைத் திருத்துங்கள். அந்த வினாவுக்குத் தமிழில் விடை எழுதிய எல்லோருடைய தாளையும் மறுபடி பாருங்கள், மூதூர்ப் பிள்ளையுடையதை மட்டும் இல்லை. அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பம் முடியும் முன் இது நடந்தால், கட்டணம் கட்டவிருப்பவர்களுக்கு அந்தக் காசாவது மிஞ்சும்.

அவளுடைய சம்மதத்தோடு, பெயரையும் சுட்டெண்ணையும் மறைத்து, விடைத்தாளின் பிரதியைத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். படம் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து,
ஒரு மாலை வகுப்பு ஆசிரியர்